‘இப்பத் தேவலை’ என்ற பதிலை நம்பலாமா? விழுங்கும் சிரமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், சோறு நெஞ்சில் நின்று இறங்குகிறது என்று சொல்லும் நோயாளிக்கு, அமிலத்தைக் குறைக்கும் அமில மாத்திரை எழுதி அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் வயதில் அதையே நான் செய்தது நினைவுக்கு வந்து மனம் பதறுகிறது.

மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது

நான் அப்படி அனுப்பிய ஓர் ஆச்சிக்கு அப்போது 62 வயது. வெற்றிலையும் புகையிலையும் பல ஆண்டுப் பழக்கம். தை மாதத்தில் ஒரு கல்யாண விருந்தில் ஆட்டுக்கறி நெஞ்சில் சிக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்த பிறகே இறங்கியது என்றார். நெஞ்செரிச்சலும் இருந்ததால் நான்கு வாரத்திற்கு அமில மாத்திரை கொடுத்தேன். திரும்பி வந்தவர், “இப்பத் தேவலை தம்பி, எதுவும் அடைக்கலை” என்றார். நானும் நிம்மதியாக அதே மாத்திரையைத் தொடரச் சொன்னேன்.

ஆடி மாதம் மருமகளோடு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கறியைத் தையிலேயே விட்டுவிட்டார்; பங்குனியில் வெள்ளைப் பணியாரம் வேண்டாம் என்றார்; பிறகு இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டு, கடைசியில் கஞ்சிக்கு வந்திருந்தார். அடைக்கிற உணவை எல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டதால்தான் அடைக்கவில்லை. ரவிக்கைகள் தொளதொளத்துப் போனதை மருமகள்தான் சொன்னார். வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில், பல்வரிசையிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழத்தில் உணவுக்குழாயைச் சுற்றி வளர்ந்த புற்றுநோய்க் கட்டியைக் கண்டேன்; கேமராக் குழாய் அதைத் தாண்டிச் செல்லவில்லை. ஸ்கேனில் நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கஞ்சியாவது இறங்க உள்வழியை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்க முடிந்ததே தவிர, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. தையிலேயே பார்த்திருந்தால் வழி இருந்திருக்குமோ என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கக் கூடியது. அதன் உள்வழி ஏறத்தாழ 13 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கிய பிறகுதான் திட உணவு வழக்கமாகச் சிக்கத் தொடங்கும். ஆகவே முதல் முறை கறி சிக்கும்போதே உள்ளே சுருக்கம் கணிசமாக ஏற்பட்டிருக்கக் கூடும். அமில மாத்திரை எரிச்சலைத் தணிப்பதோடு, சில வேளைகளில் புற்றுப்புண்ணின் மேற்பரப்பைக்கூட ஆறியதுபோல் காட்டிவிடும். எனவே இப்போது நான், “சாப்பாடு இறங்குகிறதா?” என்று கேட்பதில்லை, “போன பொங்கலுக்குச் சாப்பிட்டதில் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்கிறேன், அதையும் சமைத்துப் போடுபவரிடம் கேட்கிறேன்.

எல்லாச் சிரமமும் புற்றுநோய் அல்ல. அமிலம் மேலேறி ஏற்படுத்திய தழும்புச் சுருக்கமாகவும் இருக்கலாம். அதை விரித்துவிட முடியும். முதலில் திடம், பின்னர் குழைந்த சோறு, பின்னர் நீர் என்று சிரமம் வளர்ந்தால் அடைப்பையும், தொடக்கத்திலிருந்தே திடமும் நீரும் இரண்டுமே நின்றால் தசை இயக்கக் கோளாற்றையும் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் இது ஊகம்தான்; உள்ளே பார்த்தே உறுதி செய்ய முடியும்.

தொண்டையைக் காட்டினால் தொண்டையை மட்டும் பார்ப்பது

நெஞ்சின் அடியில் உள்ள அடைப்பும் தொண்டையில் நிற்பதுபோல் தோன்றும்.

எண்டோஸ்கோப்பிக்கு அஞ்சித் தள்ளிப்போடுவது

மூச்சு முட்டிவிடும் என்பதே பலரின் பயம். சுண்டுவிரலை விடச் சற்று மெல்லிய அந்தக் குழாய் உணவுப் பாதையில் செல்கிறது. மூச்சுப் பாதை திறந்தே இருக்கும். வழக்கமாக ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. அடைப்பு இருந்தால் உள்ளே உணவு தேங்கியிருக்கும் என்பதால் முதல் நாளே நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்வோம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே தெரிவிக்க வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் படுக்கவைத்து, பற்களுக்கிடையே வளையம் பொருத்திப் பார்ப்போம். பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் ஆறு முதல் எட்டுச் சதைத் துணுக்குகளைப் பரிசோதனைக்கு எடுப்போம், அது வலிக்காது. தொண்டை மரப்பு நீங்கும்வரை எதுவும் குடிக்கக் கூடாது. மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று நம்புவது

பரவாது.

பேரியம் எக்ஸ்ரே போதும் என்று நிறுத்திவிடுவது

வெள்ளைக் குழம்பு போன்ற பேரியத்தை விழுங்கச் செய்து எடுக்கும் அந்தப் படம், சுருக்கத்தின் நீளத்தையும் வடிவத்தையும் நன்றாகக் காட்டும்; ஆனால் அதில் சதைத் துணுக்கு எடுக்க முடியாது. எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் இல்லாமல் சிரமம் மட்டும் தொடர்ந்தால், மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொல்லித் தசை அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி தேவைப்படும்.

எச்சில்கூட இறங்காதபோது விடியட்டும் என்று இருப்பது

கறித்துண்டு சிக்கி எச்சிலையும் விழுங்க முடியாமல் வெளியே துப்பிக்கொண்டிருப்பவரை, வாழைப்பழத்தையோ சோற்று உருண்டையையோ விழுங்கச் சொல்லாமல், அப்போதே எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.