நன்கொடைக் கடிதத்தைத் திருத்திய கதை

சிங்கப்பூரின் யீஷூனில் நாங்கள் சிலர் சனிக்கிழமைதோறும் 18 பிள்ளைகளுக்கு இலவசத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறோம். போன ஆண்டு நான் எழுதிய கடிதம், "வாடும் பிஞ்சுகளுக்கு வாழ்வளியுங்கள்! ஒரு கோப்பிக் காசு போதும்!" என்று தொடங்கியது. படித்துப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எவ்வளவு வேணும்னே சொல்லலையே?" என்றார். அப்புறம் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்களே என்று எனக்கே கூசியது.

சரி, கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். வாரத்துக்கு அறை வாடகை 40 வெள்ளி, ஆசிரியர் படி 60. 40 வாரத்துக்கு 4,000 வெள்ளி. கையில் 2,500. புதிய தொடக்கம் இப்படி அமைந்தது: "எங்களிடம் 25 வாரத்துக்குப் பணம் இருக்கிறது. மீதி 1,500 வெள்ளி கிடைக்காவிட்டால் ஜூலையில் வகுப்பு நிற்கும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் செப்டம்பர் கடைசியில். 100 வெள்ளி ஒரு சனிக்கிழமையை நடத்தும்."

அடுத்து, மறைக்க நினைத்ததையும் சேர்த்தேன்: "நாங்கள் பொது நல அமைப்புத் தகுதி பெறவில்லை, எனவே வரிக்கழிவு கிடையாது." கூடுதலாகப் பணம் வந்தால் அடுத்த ஆண்டு வாடகைக்குப் போகும் என்றும் எழுதினேன். ஆச்சரியக்குறிகள் எல்லாம் போயின. "பிஞ்சுகள்" போனதில்தான் எனக்கு அதிக நிம்மதி.

முதலில் பதில் அனுப்பியவர் கேட்டது: "எந்தச் சனிக்கிழமை இன்னும் காலி?"