முதல் வாசிப்புக்கு முன் பிரதியைச் சரிபார்க்க

கிளிநொச்சியில் எங்கள் நாடகப் பிரதியை முதன்முதலாக வட்டமாக இருந்து வாசித்தபோது, நாலாம் பக்கத்திலேயே தடுமாறினோம். அக்கா சிவமதி, தங்கை சிவமலர். இருவரையும் 'சிவ' என்றே சுருக்கி எழுதியிருந்தேன். இரண்டு பேரும் ஒரே வசனத்தை வாசித்தார்கள். இப்போது தங்கையை 'மலர்' ஆக்கி, ஒவ்வொரு வசனத்துக்கு முன்னும் முழுப்பெயரைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். ஒரே ஆள் ஓரிடத்தில் 'தாய்', இன்னோரிடத்தில் 'அம்மா' என்று வந்தாலும் இதே சிக்கல்தான்.

அப்புறம், அரங்கக் குறிப்புகளை வாசிக்கப் பாத்திரம் ஏதும் இல்லாத ஒருவரை வையுங்கள். நடிகரே வாசித்தால் எது வசனம், எது குறிப்பு என்று கேட்பவருக்குப் பிரிந்து தெரியாது. வாசிக்க வேண்டியதை மட்டும் அவருடைய பிரதியில் கோடிட்டுக் கொடுங்கள். 'சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு உள்ளே வருகிறான்' வேண்டும். 'கோபமாக' வேண்டாம், அது நடிகரின் குரலில் வரட்டும்.