பெட்டி உதறுகிறதா? ரிப்பர் ஜக்கில் எயார் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

உழவு இயந்திரப் பெட்டியைத் தூக்கும் ஜக், சீல் மாற்றிப் பூட்டிய முதல் நாளே குணத்தைக் காட்டிவிடும். லீவரை இழுத்தால் பெட்டி உடனே எழாது. இரண்டு மூன்று விநாடி சும்மா நின்று, பிறகு ஓர் உதறலோடு கிளம்பும். பாதியில் நிறுத்தினால் மேலும் கீழுமாக ஆடி அடங்கும். "எயார் பிடிச்சிட்டுது, பத்துத்தரம் ஏத்தி இறக்கினால் சரியாயிடும்" என்பதுதான் இதற்கு வழமையாகக் கிடைக்கும் பதில். யாழ்ப்பாணத்தில் மண்ணும் மணலும் கல்லும் ஏற்றுகிற உழவு இயந்திரப் பெட்டிகளின் ஜக்குக்கு இந்தப் பதில் பொருந்தாது. முதலாவது தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஏற்றி இறக்கினால் ஏன் போகாது

பெக்கோவின் கைச் சிலிண்டரில் இரண்டு பக்கமும் ஒயில் உண்டு. ஒரு பக்கம் ஒயில் ஏறும்போது மறுபக்க ஒயில் தாங்கிக்குத் திரும்புகிறது. அதனால் முழு நீளத்துக்கு மெதுவாகச் சில தடவை ஓட்டினால், ஒயிலோடு சேர்ந்து காற்றும் தாங்கிக்குப் போய் வெளியேறிவிடும். "ஏத்தி இறக்கு" என்ற அறிவுரை அந்தச் சிலிண்டருக்கு உரியது.

பெட்டியின் ஜக்கில் இருப்பது ஒரே வாசல், அதுவும் அடியில். ஒயில் அதனால் ஏறி, பெட்டியின் பாரத்தால் அதனாலேயே இறங்குகிறது. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் குழாய்களில் கடைசிக் குழாய் பல ஜக்குகளில் உள்ளே வெறுமையானது, மேல் முனை மூடியது. கவிழ்த்த செம்பைக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் உள்ளே காற்று நிற்பது போலத்தான் இங்கும். எத்தனை தரம் ஏற்றி இறக்கினாலும் அடிவாசலால் ஒயில் மட்டுமே போய் வரும். காற்று உச்சியில் அப்படியே நிற்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மூன்று அடுக்கு ஜக் ஒன்றின் அடுக்குகள் 90, 75, 60 மில்லிமீற்றர் விட்டம், ஒவ்வொன்றும் 40 சென்றிமீற்றர் எழும் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக எழ ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் ஒயில் வேண்டும். கடைசிக் குழாயின் உட்புறம் 45 மில்லிமீற்றர் விட்டமும் 50 சென்றிமீற்றர் நீளமும் என்றால், அதற்குள் அடைபடும் காற்று 800 மில்லிலீற்றர் வரும். பாரம் ஏற்றிய பெட்டியைத் தூக்க 80 பார் அழுத்தம் தேவைப்பட்டால் அந்தக் காற்று 10 மில்லிலீற்றராக நசுங்கும். அதாவது பெட்டி அசைவதற்கு முன்பே பம் 790 மில்லிலீற்றர் ஒயிலை உள்ளே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 16 லீற்றர் தரும் பம்முக்கு இது மூன்று விநாடி வேலை. லீவரை இழுத்த பிறகு பெட்டி சும்மா நிற்கும் அந்த மூன்று விநாடி இதுதான்.

ஆபத்து மண்ணைக் கொட்டும் இடத்தில் இருக்கிறது. மாரி காலத்தில் ஈரச் செம்மண் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, முழு உயரத்துக்குத் தூக்கிய பிறகும் வழுகாமல் நிற்கும். பிறகு ஒரே கட்டியாகக் கழன்று விழும். அந்தக் கணத்தில் அழுத்தம் 80 பாரிலிருந்து 10 பார் அளவுக்கு விழுந்தால், நசுங்கி நின்ற 10 மில்லிலீற்றர் காற்று 80 ஆக விரிகிறது. கடைசி அடுக்கு இரண்டரை சென்றிமீற்றர் சட்டென்று மேலே குத்தும். ஜக் பெட்டியின் நடுப்பக்கம் இருப்பதால் பெட்டியின் முன்முனை அதைவிட இரண்டு மூன்று மடங்கு எகிறும். நிலம் கொஞ்சம் சரிவாக இருந்தால், பெட்டி பக்கவாட்டில் சாய இந்தக் குத்தே போதும்.

எல்லா உதறலும் எயார் அல்ல

அடுக்கு ஜக்கில் பெரிய குழாய் முதலில் எழும், சிறியது கடைசியில். ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வேகம் சட்டென்று கூடும். மேலே சொன்ன அளவுகளில் ஒவ்வொரு மாற்றத்திலும் வேகம் ஒன்றரை மடங்கு அளவுக்கு ஏறுகிறது. அங்கே சிறு தட்டல் வருவது ஜக்கின் இயல்பு. அதை எயார் என்று நினைத்து ஜக்கைக் கழற்றுவது வீண் வேலை.

வெறும் பெட்டியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உதறல் ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் வந்தால் அடுக்கு மாற்றம், நெளிந்த குழாய், கிறீஸ் காய்ந்த மூட்டு முள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்று என்றால் தொடக்கத்தில் தாமதமும், எங்கே நிறுத்தினாலும் ஆட்டமும் இருக்கும். நிறுத்திய பெட்டி ஆடாமல், ஆனால் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அது காற்றல்ல. வால்வோ சீலோ ஒயிலை விடுகிறது. காற்று கொஞ்சம் அமுங்கி நின்றுவிடும், கசிவு நிற்காது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தாலே பாதிப் பேரின் சீல் காசு மிஞ்சும்.

ஒயில் மட்டத்தை எப்போது பார்ப்பது

மாஸி பெர்கசன் 240 போன்ற இயந்திரங்களில் கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான், பம்மும் அதற்குள்ளேயே அமிழ்ந்திருக்கிறது. பெட்டி முழுதாக எழும்போது ஐந்தரை லீற்றர் அங்கிருந்து ஜக்குக்குப் போய்விடுகிறது. மட்டம் ஏற்கெனவே குறைவாக இருந்து, இயந்திரமும் சரிவில் நின்றால், பெட்டி எழும் கடைசிக் கட்டத்தில் பம் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சும். காலையில் எயார் எடுத்த ஜக்கில் மாலையில் திரும்ப எயார் வந்துவிட்டது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மட்டத்தைச் சம நிலத்தில், பெட்டி முழுதாக இறங்கியிருக்கும்போது பாருங்கள். பெட்டி மேலே நிற்கும்போது பார்த்துவிட்டு "குறைஞ்சு போச்சு" என்று நிரப்பினால், இறக்கும்போது ஐந்தரை லீற்றரும் திரும்பி வந்து அளவுக்கு மிஞ்சும். மிஞ்சிய ஒயிலைப் பற்சக்கரங்கள் அடித்து நுரையாக்கும். பிறகு அந்த நுரையையே பம் ஜக்குக்கு அனுப்பும்.

ஒயில் வெளிறிக் கலங்கியிருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வந்தால் கலந்திருந்தது காற்று. பால் போலவே நின்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் எயார் எடுத்துப் பயனில்லை, ஒயிலை மாற்ற வேண்டும்.

சரியாக எடுக்கும் முறை

நல்ல வழி, காற்றை உள்ளே விடாமலே பூட்டுவது. சீல் மாற்றிய ஜக்கை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் தலைகீழாக, அடிவாசல் மேலே பார்க்க நிறுத்துங்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இயந்திரத்துக்குரிய அதே ஒயிலை வாசலால் மெல்ல ஊற்றுங்கள். கவிழ்ந்த செம்பு இப்போது நிமிர்ந்துவிட்டது, ஆகவே காற்று தானாகவே வாசலால் வரும். எங்கள் கணக்கில் 800 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளும். ஊற்றியதும் மூடிவிடாதீர்கள். ஜக்கை இலேசாக ஆட்டிப் பதினைந்து நிமிடம் விட்டால் குமிழிகள் எழுந்து மட்டம் கொஞ்சம் இறங்கும். திரும்ப நிரப்பி, வாசலை அடைப்பானால் இறுக்குங்கள்.

அடுத்தது ஹோஸ். இதை மறப்பவர்கள்தான் அதிகம். 12 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள மூன்று மீற்றர் ஹோஸ் 340 மில்லிலீற்றர் காற்றைக் கொள்ளும், அவ்வளவும் நேராக ஜக்குக்குள் போகும். ஹோஸை இயந்திரத்தில் பூட்டி, மறுமுனையைச் சுத்தமான கானுக்குள் கட்டி வையுங்கள், கையால் பிடிக்க வேண்டாம். என்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு லீவரைத் துளித் துளியாகத் திறந்தால் முதலில் துப்பித் துப்பி வரும், பிறகு ஒரே சீராக ஓடும். என்ஜினை நிறுத்தி, முனையைத் தூக்கிப் பிடித்து ஜக்கில் பூட்டுங்கள்.

ஜக் ஏற்கெனவே பூட்டியிருந்து, உச்சியில் எயார் எடுக்கும் சிறு திருகாணி இருந்தால் ஜக்கைக் கழற்றாமலே செய்யலாம். பெட்டி வெறுமையாக, சட்டத்தில் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். திருகாணியை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஒருவர் லீவரில் நிற்க, குறைந்த வேகத்தில் ஒயிலை மெல்ல விடுங்கள். முதலில் சீறல், பிறகு நுரை, பிறகு குமிழி இல்லாத ஒயில். அது வந்ததும் இறுக்கிவிடுங்கள். பெட்டி இறங்கியபடி திருகாணிக்குக் கை எட்டவில்லை என்றால், பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் உறுதியான இரும்புத் தாங்குகள் வைத்து, பெட்டி தாங்குகளில் உட்காரும்வரை இறக்கிய பிறகுதான் திறக்க வேண்டும். ஜக் தாங்கி நிற்கும் பெட்டிக்குக் கீழே திருகாணியைத் திறந்தால், காற்றோடு சேர்ந்து பெட்டியும் இறங்கிவிடும். அங்கே கையும் தலையும் இருக்கும்.

திருகாணி இல்லாத ஜக்குகளில் சிலர் ஹோஸ் மூட்டைத் தளர்த்தி எயார் எடுக்கப் பார்ப்பார்கள். மூட்டு அடியில், காற்று உச்சியில். வருவது ஒயில் மட்டுமே. அழுத்தத்தோடு இருக்கும் மூட்டைத் தளர்த்துவது உயிருக்கும் ஆபத்து. ஊசி முனை அளவு வெடிப்பால் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், முதலில் நோகவும் நோகாது. ஒயில் பாய்ந்த விரலைக் கழுவி மருந்து பூசி வீட்டில் இருக்கக் கூடாது. நேராகப் போதனா வைத்தியசாலைக்குப் போய் "அழுத்த ஒயில் தோலுக்குள்ளே போயிட்டுது" என்று அந்தச் சொல்லிலேயே சொல்லுங்கள். சத்திரசிகிச்சை சில மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். கசிவு தேடுவதற்குக் கையைத் தடவாமல் ஒரு மட்டைத் துண்டைப் பிடியுங்கள்.

முதல் ஓட்டம்

எயார் எடுத்தவுடன் பாரம் ஏற்றி முழு வேகத்தில் தூக்கிப் பார்ப்பது கடைசித் தவறு. மிஞ்சியிருக்கும் காற்று சட்டென்று நசுங்கும்போது கடுமையாகச் சூடாகும். ஏட்டுக் கணக்கில் 100 பாருக்கு ஒரே அடியாக நசுங்கும் காற்று 800 பாகை செல்சியசைத் தாண்டும். ஒயில் ஆவி அந்தச் சூட்டில் பற்றிப் புதுச் சீலின் உதட்டைக் கருக்கிவிடும். வெறும் பெட்டியோடு, குறைந்த வேகத்தில், மூன்று முறை முழுதாக ஏற்றி இறக்குங்கள். லீவரை இழுத்த உடனே பெட்டி அசைந்து, நிறுத்திய இடத்தில் ஆடாமல் நின்றால் வேலை முடிந்தது. இரவு முழுதும் நிற்கவிட்டு, காலையில் என்ஜினைத் தொடங்குவதற்கு முன் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள். நுரை அடங்கிய பிறகு தெரிவதுதான் உண்மையான மட்டம், குறைந்திருந்தால் அப்போது நிரப்பலாம்.