கடன் தொகையில் பங்குப் பிடித்தம் சரியா?

கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டாவது கடன் வாங்கும்போது, பட்டுவாடா சீட்டில் உள்ள பங்குத்தொகை, நுழைவுக் கட்டணம் இரண்டையும் துணைவிதியோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பங்குத்தொகை பெரும்பாலும் கடனில் இத்தனை சதவீதம் என்றுதான் இருக்கும். கணக்கில் ஏற்கெனவே உள்ள பங்கைக் கழித்து மீதியைத்தான் பிடிக்க வேண்டும். துணைவிதி 5 சதவீதம் என்றால், 1,00,000 ரூபாய் கடனுக்கு 5,000 ரூபாய் பங்கு தேவை. முன்பே 3,000 இருந்தால் பிடித்தம் 2,000தான். நுழைவுக் கட்டணம் உறுப்பினராகச் சேரும்போது ஒருமுறை கட்டுவது, திரும்பி வராது. சிறு தொகைதான், ஆனாலும் மறுபடி பிடித்திருந்தால் கேளுங்கள்.

பழைய கடன் பாக்கி இருந்தால் மொத்தக் கடனுக்கும் சேர்த்துப் பங்கு கேட்கலாம். பங்கைத் திரும்பப் பெற்று விலகி, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய பங்கைக் கழிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.