சுவிட்சை அழுத்திய நிமிடங்கள்: கையதிர்வைக் கணக்கிடும் முறை

கான்கிரீட்டில் துளை போடுபவரிடம் "இன்று எவ்வளவு நேரம் டிரில் ஓட்டினீர்கள்?" என்று கேட்டால், "நான்கு மணி நேரம் இருக்கும்" என்பார். பொய் சொல்லவில்லை. அளவெடுத்தது, ஏணியை நகர்த்தியது, பிட் மாற்றியது எல்லாம் அந்த நான்கு மணி நேரத்தில் அடங்கும். கைக்கு அதிர்வு போனது சுவிட்ச் அழுத்தியிருந்த நேரத்தில் மட்டும்தான். விரல்களைப் பாதிக்கக்கூடிய இந்த அதிர்வு ஒரு நாளில் கைக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கு பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அதிர்வுமானி இல்லாமலே முதல் மதிப்பீட்டைச் செய்துவிடலாம். ஒரு ஸ்டாப்வாட்சும் கருவியோடு வந்த கையேடும் போதும்.

படி 1: நேரத்தை அளத்தல்

நாள் முழுவதும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. சில துளைகளுக்கு மட்டும் சுவிட்ச் அழுத்திய கணத்திலிருந்து விடும் வரை அளந்து சராசரி எடுங்கள். பிறகு அன்றைய துளைகளை எண்ணுங்கள். நம் உதாரணத்தில் துளைக்கு 40 விநாடி, மொத்தம் 60 துளைகள். ஆக 2,400 விநாடி, அதாவது 40 நிமிடம். நான்கு மணி நேரம் எங்கே, இது எங்கே! அதே ஆள் பிற்பகலில் கிரைண்டர் பிடிக்கிறார். அதன் ஓட்டம் அளந்து பார்த்ததில் 2 மணி நேரம்.

படி 2: அதிர்வின் அளவைக் கண்டுபிடித்தல்

கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் m/s² என்ற அலகோடு ஓர் எண் இருக்கும். பக்கத்திலேயே K என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது அளவீட்டின் நிச்சயமின்மை. பலர் அதைப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். நான் எப்போதும் கூட்டிக்கொள்வேன். அந்த எண்கள் சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்டவை. மழுங்கிய பிட்டும் தேய்ந்த சக்கரமும் உள்ள வேலையிடத்தில் அதிர்வு அதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும்.

டிரில்லுக்கு 13.5, K 1.5 என்று வைத்துக்கொண்டால் 15. கிரைண்டருக்கு 3.5, K 1.5 என்றால் 5. ஒரே டிரில்லுக்கு வேலைவாரியாக வெவ்வேறு எண்கள் தரப்பட்டிருந்தால் கான்கிரீட்டில் அடித்துத் துளைப்பதற்கான எண்ணையே எடுங்கள்.

படி 3: புள்ளிகளாக மாற்றுதல்

பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு பரப்பிய புள்ளி முறை எளிது:

```
புள்ளி = 2 × a × a × மணி
```

a என்பது நாம் எடுத்த அதிர்வு அளவு. டிரில்: 2 × 15 × 15 = மணிக்கு 450. 40 நிமிடத்துக்கு 300. கிரைண்டர்: மணிக்கு 50, இரண்டு மணி நேரத்துக்கு 100. புள்ளிகளைக் கூட்டலாம், மொத்தம் 400. ஆனால் 15-ஐயும் 5-ஐயும் சராசரியாக்கிவிட்டுக் கணக்குப் போடாதீர்கள், விடை தவறிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 உத்தரவின்படி, எட்டு மணி நேரத்துக்குச் சமப்படுத்திய அதிர்வு 2.5 m/s² ஆனால் நிறுவனம் குறைக்கும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்; 5 m/s² தாண்டக்கூடாத வரம்பு. புள்ளிகளில் இவை 100, 400. நம் ஆள் வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறார். இன்னும் ஒரு துளை போட்டாலும் தாண்டிவிடுவார்.

படி 4: எதைக் குறைப்பது?

சூத்திரத்தில் a இரண்டு முறை பெருக்கப்படுகிறது. நேரத்தைப் பாதியாக்கினால் புள்ளி பாதியாகும். அதிர்வைப் பாதியாக்கினால் கால்பங்காகும். ஆகவே முதலில் கருவியைப் பாருங்கள். K-யும் சேர்த்து 9 வரும் டிரில்லாக மாற்றினால் அதே 40 நிமிடத்துக்கு 108 புள்ளிதான், மொத்தம் 208.

கருவியை மாற்ற வழியில்லையா? பிட்டைப் பாருங்கள். கூரான பிட்டால் துளைக்கு 25 விநாடி போதுமென்றால் டிரில்லின் நேரம் 25 நிமிடமாகிவிடும், புள்ளி ஏறக்குறைய 188. மழுங்கிய பிட்டோ நேரத்தையும் இழுக்கும், ஆளையும் அழுத்தித் தள்ள வைக்கும். பிடி இறுக இறுக அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும். துளைகளை இருவருக்குப் பிரித்துக் கொடுப்பதும் உதவும். ஆனால் நேரத்தைத்தான் பிரிக்கிறோம், அதிர்வு அப்படியே இருக்கிறது.

கிரைண்டர் மட்டுமே 100 புள்ளி தருவதைக் கவனித்தீர்களா? டிரில்லை எவ்வளவு சரிசெய்தாலும் இவருக்கு 100-க்குக் கீழே வர வழியில்லை. கிரைண்டரையும் தொட்டாக வேண்டும்.

அதிர்வைத் தடுக்கும் என்று விற்கப்படும் கையுறையை இந்தக் கணக்கில் கழிக்காதீர்கள். அடிக்கும் கருவிகளின் தாழ்ந்த அதிர்வெண்களை அது பெரிதாகத் தடுப்பதில்லை. கையைச் சூடாக வைத்திருக்கும். இரத்த ஓட்டத்துக்கு அது நல்லதுதான்.

படி 5: விரல்களைப் பார்த்தல்

புள்ளி 100-க்குக் கீழே இருந்தாலும் சிலருக்குப் பாதிப்பு வரலாம். வேலை முடிந்த பிறகும் விரல் நுனிகளில் மதமதப்பு இருக்கிறதா, குளிரில் விரல் நுனி தெளிவான கோடு போட்டதுபோல வெளுத்துப் பிறகு சிவக்கிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறாரா என்று கேளுங்கள். நரம்பு பாதித்து இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்பி வராது. ஒன்றுக்காவது ஆம் என்றால், கணக்கு என்ன சொன்னாலும் அவர் கையிலிருந்து அந்தக் கருவியை வாங்கிவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.