கட்டணத்தைக் குறைப்பதற்கு முன்: மலையகத்தில் டியூஷன் வகுப்பு நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் கட்டணத்தைத்தான். அதனால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ வகுப்பு நடத்தும் நம்மில் பலர், அவர்களுடைய பெரிய கவலை அதுவே என்று முடிவுகட்டிவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் 1,000 ரூபாய் வாங்கினால் நாம் 700 ரூபாய்க்கு இறங்குகிறோம். சாதாரண தரக் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த தவறும் இதுதான். வேறு எதைக் கேட்பதென்று தெரியாததால்தான் கட்டணத்தைக் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பிந்தியே விளங்கியது. அவர்கள் கேட்காமல் மனத்தில் வைத்திருப்பவை வேறு. பாடசாலை விட்டபின் பிள்ளை உண்மையில் வகுப்புக்குத்தான் போகிறதா? பனி இறங்கி இருட்டும் நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி லயம் வரை யாருடன் நடந்து வரும்? கொப்பியைப் புரட்டினாலும் விளங்காத நமக்குப் பிள்ளையின் உண்மை நிலையை யார் சொல்வார்கள்?

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். தரம் 10 மாணவன் ஒருவனின் தாய், தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் கட்டணம் கட்ட வந்தார். இடாப்பைத் திறந்தேன். அந்த மாதத்தின் 8 வகுப்புகளில் 2 நாட்களுக்கு மட்டுமே அவன் பெயருக்கு நேரே வரவு போடப்பட்டிருந்தது. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “புள்ள வகுப்புக்குத்தான் வருதுன்னு இருந்தேங்க சேர். ஒரு போன் போட்டிருக்கலாமே” என்றார். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் எண்ணி வைத்த பணம் மேசையில் கிடந்தது. அதை என்னால் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் வரவு குறித்தேன், ஆனால் அதை வைத்து யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அது மிகப் பெரிய தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

அதன்பின் பெற்றோருக்கு ஒரே ஒரு வாக்குறுதியைக் கொடுத்தேன்: வகுப்பு தொடங்கி 20 நிமிடங்களுக்குள் பிள்ளை வந்து சேராவிட்டால் வீட்டுக்கு அழைப்பு வரும். “தனிக்கவனம்”, “சிறந்த கற்றல் சூழல்” என்று எல்லா வகுப்புகளின் பதாகைகளிலும் எழுதியிருப்பதைப் பெற்றோரால் சோதித்துப் பார்க்க முடியாது. அழைப்பு வந்ததா, வரவில்லையா என்பதை லயத்தில் இருக்கும் பாட்டிகூடச் சொல்லிவிடுவார். நம்பிக்கையை முன்வைத்து வகுப்பு நடத்த விரும்புபவர் பெற்றோரே சரிபார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் வாக்களிக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிதான இந்த வேலை செய்யும்போது பல இடங்களில் தடுக்கும். சேர்க்கும் நாளில் ஒரு தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்குவது போதாது. செவ்வாய் பிற்பகல் 3.20க்குத் தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், அங்கே சிக்னல் கிடைக்காமல் போகலாம். தந்தை கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருக்கலாம். ஆகவே பகலில் லயத்தில் இருக்கும் ஒருவருடைய இலக்கத்தையும், அவரிடம் சொன்னால் போதும் என்ற பெற்றோரின் சம்மதத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். குறுஞ்செய்தியை நம்பக்கூடாது, சாதாரண பட்டன் போன்கள் சிலவற்றில் தமிழ் எழுத்து கட்டங்களாகத் தெரியும், வாசிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அழைப்பதற்கு முன், அதே டிவிஷனிலிருந்து வரும் மற்றப் பிள்ளைகளிடம் விசாரிப்பது மிக அவசியம். மழை நாளில் மண் சரிந்து பஸ் தாமதமாகியிருந்தால், அது தெரியாமல் ஐந்து வீடுகளைப் பதறவைப்போம். அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது அழைப்பை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். பேசும்போது, “பிள்ளை இன்னும் வகுப்புக்கு வந்து சேரவில்லை, வீட்டில் நிற்கிறதா என்று கேட்கவே எடுத்தோம்” என்பதற்கு மேல் எந்த ஊகமும் சொல்லக்கூடாது.

பலர் கவனிக்காத இன்னொரு தவறு, இந்த அழைப்பையே கட்டணம் கேட்கவும் பயன்படுத்துவது. நிலுவையைக் கேட்டு ஒருமுறை அழைத்துவிட்டால், கையில் காசில்லாத மாதத்தில் அந்த இலக்கத்தைப் பார்த்தாலே தாய் போனை எடுக்கமாட்டார். பிள்ளை காணாமற்போன நாளில் அந்த அழைப்பும் எடுபடாது. தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டியே கிடைப்பதால் கட்டண நாளை 15ஆம் திகதியாக வைத்து, அதைப் பற்றிய பேச்சை நேரில் மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

இதற்கு ஆளும் பணமும் வேண்டும், இங்குதான் கட்டணக் குறைப்பு நம்மை மாட்டிவிடுகிறது. மூன்று குழுக்களில் 90 பிள்ளைகள், ஆளுக்கு 1,000 ரூபாய், மாத வருமானம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்காக 700 ரூபாய்க்கு இறங்கினால் ஒருவரும் விலகாவிட்டாலும் வருமானம் 63,000 ரூபாய்தான். பழைய வருமானத்தை எட்ட மேலும் 39 பிள்ளைகள் வேண்டும், குழுவுக்கு 43 பேர் ஆவார்கள். 43 பேருக்கு வரவு பார்த்து, விசாரித்து, அழைத்துவிட்டுப் பாடமும் நடத்த ஒருவரால் இயலாது. மாறாகக் கட்டணத்தை 1,000 ரூபாயிலேயே நிறுத்தி, இடாப்புக்கும் அழைப்புக்கும், மாலையில் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிடுவதற்கும் 12,000 ரூபாய்க்கு ஓர் உதவியாளரை வைத்தால் கையில் 78,000 ரூபாய் நிற்கும். 15 பேர் விலகிப் போனாலும் கட்டணத்தைக் குறைத்திருந்தால் கிடைக்கும் அதே 63,000 ரூபாய் இருக்கும். அதற்கு மேல் விலகினால் முதல் சில மாதங்கள் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். 30 பிள்ளைகளை மட்டும் வைத்திருப்பவர் உதவியாளரைச் சேர்க்காமல் தாமே அழைக்க வேண்டும்.

முடியாத குடும்பங்களுக்குக் குறைப்பதில் தவறில்லை, இரகசியமாகக் குறைப்பதுதான் தவறு. ஒரு தாய்க்கு 700, இன்னொரு தாய்க்கு 1,000 என்று சொன்னால், இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர்களாக இருப்பார்கள், மாலைக்குள் செய்தி டிவிஷன் முழுவதும் பரவிவிடும். “ஒரே வீட்டின் இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம்” என்பது போன்ற விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் யாருக்கும் மனக்குறை இராது.

9 ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பதாகையில் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை வேறு வகுப்புகளுக்கும் போயிருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கணிதத்தில் 28 புள்ளி எடுக்கும் பிள்ளையின் தாய்க்கு அந்தப் படம் எதையும் சொல்வதில்லை. அவருக்குத் தேவை, 35க்குக் குறைவாக, அதாவது சித்தியடையாத நிலையில் வந்தவர்களில் எத்தனை பேர் எஸ் அல்லது சி வரை ஏறினார்கள் என்பது. அந்த எண் சிறியதாக இருந்தாலும் அதையே சொல்ல வேண்டும். மாதப் பரீட்சைப் புள்ளியையும் அப்படியே சொல்ல வேண்டும். “பரவாயில்லை, முன்னேறுகிறான்” என்று பரீட்சை வரை சொல்லிவிட்டுப் பெறுபேறு வரும் நாளில் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எந்த ஆசிரியராலும் முடியாது. 28 என்றால் 28 என்றும், பின்னங்களில்தான் தடுக்குகிறது, அடுத்த மூன்று வாரம் அதைத்தான் செய்யப்போகிறோம் என்றும் சொன்னால் அவர் தாங்கிக்கொள்வார்.

இவையெல்லாம் பலிக்கின்றனவா என்பதை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு உடனே அறிய முடியாது. நான் இடாப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: நாங்கள் அழைப்பதற்கு முன்பே, “இன்னைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல் சேர், வராது” என்று வீட்டிலிருந்து வரும் அழைப்புகள். முதல் மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. நான்காவது மாதத்தில் வராத பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டிலிருந்து நாங்கள் கேட்காமலே அழைப்பு வந்தது.