பெரிய போட்டோவில் ஒட்டு தெரியாமல் கம்பியை நீக்க

கொல்லங்கோடு வயல்வெளியும் பின்னால் தென்மலையும் தெரிகிற 12000 பிக்சல் அகலப் படம். கொழிஞ்சாம்பாறைக் கல்யாண மண்டபச் சுவருக்குப் பிரிண்ட் போட வேண்டும். குறுக்கே போகும் கரண்ட் கம்பி வேண்டாம். முழுப் படத்தையும் ஏஐ கருவியில் கொடுத்தால் பெரும்பாலான கருவிகள் அதைச் சுருக்கிவிடும், நெற்பயிர் மெழுகினதுபோல் வரும்.

கம்பி ஓடும் வழியில் 1024 x 1024 துண்டுகளாக, அளவு மாற்றாமல் வெட்டி, ஒவ்வொன்றாகக் கருவியில் கொடுங்கள். அடுத்த துண்டை, சரிசெய்து ஒட்டிய படத்திலிருந்தே, முந்தையதில் கால்வாசி சேர்த்து எடுங்கள். நீக்கும் இடம் துண்டின் நடுவில் இருக்கட்டும். வெட்டிய இடத்தின் எக்ஸ், ஒய் எண்களைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தால் திரும்ப ஒட்டும்போது தேட வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கம்பியை மட்டும் மாற்றச் சொன்னாலும், பல கருவிகள் துண்டு முழுவதையும் திரும்ப வரைகின்றன, நிறம் லேசாக நகரும். ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ, கருவி திருப்பித் தந்த துண்டைப் பெரிய படத்தில் வெட்டிய அதே இடத்தில் மேல் லேயராக வைத்து, பிளெண்ட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்கிப் பாருங்கள். மாறாத இடம் முழுக் கறுப்பு, எவ்வளவு மாறியதோ அவ்வளவு வெளிச்சமாகத் தெரியும். பிறகு மோடை 'நார்மல்' ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, கம்பி இருந்த இடத்தை மட்டும் மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷால் திறங்கள். வயலில் மாஸ்க்கின் ஓரம் வரப்போடு போனால் ஒட்டு மறையும். வெறும் வானத்தில் அந்த வசதி இல்லை. அங்கே ஓரத்தை இன்னும் அகலமாக மங்கவிடுங்கள்.

நிறம் சேர்ந்தும் அந்த இடம் வழுவழுவென்று தெரிந்தால், கேமராவின் நாய்ஸ் அங்கே இல்லை என்று அர்த்தம். 100% பெரிதாக்கி, பக்கத்து வானத்தோடு ஒப்பிட்டு, அந்த லேயருக்கு மட்டும் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள்.